பென்சில் டப்பாவுக்கு அடியில் ஒரு கடிதம்

அன்புத் தம்பி கவின்,

நீ குளித்துக்கொண்டிருக்கிறாய். வெளியே வரும்வரை காத்திருந்தால் என் பஸ் போய்விடும். இன்று எனக்கு இரவு ஷிப்ட். நாளைக்கு உனக்கு எஸ்பிஎம் தேர்வில் செஜாரா என்கிற வரலாற்றுத் தாள். அதனால்தான் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

சாப்பிடும்போது உன்னைக் கவனித்தேன். சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாய். நெத்திலி சம்பலைக்கூடத் தொடவில்லை. சித்தி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாய். நேற்று இரவு இரண்டு மணிக்கும் உன் அறையில் விளக்கு எரிந்தது. செஜாராவில் தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது என்று அன்றைக்கு நீ சொன்னபோது உன் குரல் இறங்கிப் போனதையும் மறக்கவில்லை. ஆமாம், விதி அதுதான். ஆனால் ட்ரையலில் நல்ல மதிப்பெண் எடுத்தவன் நீ. அந்த விதியை நினைத்து நீ நடுங்க வேண்டியதில்லை.

"தேதியெல்லாம் கலந்து போகுதுக்கா" என்றாய் இல்லையா? போன ஞாயிற்றுக்கிழமை தாத்தா வாசலில் உட்கார்ந்து கச்சாங் பூத்தே உரித்துக்கொண்டிருந்தார். "மலாயன் யூனியனை ஏண்டா எதிர்த்தாங்க?" என்று உன்னைக் கேட்டார். அப்போது உன் கையில் புத்தகம் இல்லை. பிரிட்டிஷ் அரசு அனுப்பிய மெக்மைக்கேல் அவசர அவசரமாகச் சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கியது, சுல்தான்களின் அதிகாரம் பறிபோனது, குடியுரிமையைத் தளர்த்தியதால் எழுந்த கோபம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். 1946-இல் வந்த யூனியன் 1948-இல் கூட்டரசாக மாறியது, 1955-இல் தேர்தல், 1956-இல் ரீட் ஆணையம், அடுத்த வருஷம் மெர்டேக்கா என்று நீயே கோத்துக்கொண்டு போனாய். தாத்தா கடலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கடலையைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை. சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டேன், ஒரு தேதிகூடத் தப்பவில்லை. எது நடந்ததால் எது வந்தது என்று நீ பிடித்துக்கொண்டு போனதால் வருஷங்களும் தானாக வந்து நின்றன. நாளைக்குக் கட்டுரைக் கேள்வியைப் பார்த்ததும் தாத்தா கேட்கிறார் என்று வைத்துக்கொள். அவருக்குச் சொன்ன மாதிரியே எழுது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இது என் அனுபவம், வீட்டில் யாருக்கும் தெரியாது. என் எஸ்பிஎம் கூடுதல் கணிதத் தாளில் முதல் கேள்வியே எனக்கு வரவில்லை. விட்டுவிட்டுப் போகாமல் பிடிவாதமாக அதிலேயே உட்கார்ந்தேன். அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தால் இருபது நிமிஷம் போயிருந்தது. கடைசிப் பக்கத்தில் இருந்த இரண்டு கேள்விகள் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. அவற்றைப் படிக்கக்கூட நேரமில்லை. தெரியாத கேள்வியில் போனது கொஞ்சம்தான், தெரிந்ததை எழுதாமல் போனதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. அது உனக்கு நடக்கவே கூடாது.

முதல் தாளில் 40 கேள்வி, ஒரு மணி நேரம். ஒன்றுக்கு ஒன்றரை நிமிஷம். வரவில்லையா, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ. ஆனால் விடைத்தாளிலும் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரியைக் கருப்பாக்கு. அங்கே ஒரு வரி மாறினால் அதற்குப் பிறகு எல்லாமே மாறிவிடும். பத்துக் கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்த்துக்கொள்.

2பி பென்சில் இரண்டைச் சீவி டப்பாவில் வைத்திருக்கிறேன். கருப்புப் பேனா மூன்று. அடையாள அட்டையும் தேர்வுச் சீட்டும் பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன, மாமாவின் மோட்டார் சாவிக்குப் பக்கத்தில். மழை வந்தாலும் வரும், மழைக்கோட்டு மோட்டாரிலேயே இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடு. காலையில் இரண்டு தோசை போதும், மைலோவை மட்டும் முழுசாகக் குடி. சித்தி தண்ணீர்மலை முருகனுக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டியிருக்கிறார். வேண்டுதல் அவர் பொறுப்பு, அதை நீ சுமந்துகொண்டு போகாதே.

பத்து மணிக்குப் புத்தகத்தை மூடிவிடு. தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை, விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா படுத்திரு. கண் எரிச்சலாவது அடங்கும்.

நீ தாள் எழுதும் நேரம் நான் வீட்டுக்கு வந்து தூங்கிக்கொண்டிருப்பேன். வந்ததும் கதவைத் தட்டு. யார் என்ன விடை எழுதினார்கள் என்று நண்பர்களோடு நின்று பேசாமல் நேராக வா. பினாங்கு ரோட்டுக்குப் போய்ச் செண்டோல் சாப்பிடலாம், தாத்தாவையும் கூட்டிக்கொண்டு.

உன் அக்கா