ஜனநாயக அலைகளும் எதிர் அலைகளும்: ஒப்பீட்டு அரசியல் தேர்வுக்கான சுருக்கம்

குடியாத்தம், ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் வருகிற நம் வகுப்பு நண்பர்கள் வழியிலேயே படித்துவிட வசதியாக எழுதியிருக்கிறேன்.

அலை என்றால் என்ன? ஒரு காலகட்டத்தில் பல நாடுகள் ஜனநாயகத்துக்கு மாறுவது, எதிர்த்திசையில் போகும் நாடுகளை விட அதிகமாக இருந்தால் அது அலை; நேர்மாறாக நடந்தால் எதிர் அலை. கீழே வரும் காலப் பகுப்பு அமெரிக்க அரசியல் அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டனுடையது, 1991இல் வந்தது. பெயரைக் கட்டாயம் எழுதுங்கள்.

முதல் அலை 1828 முதல் 1926 வரை. அமெரிக்காவில் ஆண்டுரு ஜாக்சன் வென்ற தேர்தல்தான் தொடக்கப் புள்ளி. எதிர் அலை 1922 முதல் 1942 வரை: 1922இல் ரோமை நோக்கிய அணிவகுப்பால் இத்தாலியில் ஆட்சியைப் பிடித்த முசோலினி, 1933இல் ஹிட்லர், 1939இல் ஸ்பெயினில் பிராங்கோ. 1922க்கும் 1926க்கும் இடையே காலம் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதே என்று குழம்ப வேண்டாம். சில நாடுகள் உள்ளே வரும்போதே வேறு சில வெளியேறின, அவ்வளவுதான்.

இரண்டாம் அலை 1943 முதல் 1962 வரை. காரணம் இரண்டு. நேச நாடுகளின் பிடியில் இருந்த மேற்கு ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஒருபுறம். காலனி ஆட்சி முடிந்த இந்தியா, இலங்கை மறுபுறம். உதாரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது: 1954இல் முதலமைச்சரான காமராஜர் சட்டமன்றத்துக்குள் போனது குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றுதான். வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு என்பது அப்போது இங்கே புதுசு.

இரண்டாம் எதிர் அலை 1958 முதல் 1975 வரை. இதில் ராணுவமே முக்கியப் பாத்திரம்: பாகிஸ்தானில் அயூப்கான் (1958), பிரேசில் (1964), கிரீஸ் (1967), சிலி (1973). இந்தியாவின் நெருக்கடி நிலையையும் சேர்க்கலாம். ஆனால் 1977 தேர்தல் அதை முடித்துவைத்தது என்பதையும் எழுதுங்கள்.

மூன்றாம் அலைக்குத்தான் மதிப்பெண் அதிகம். 1974 ஏப்ரல் 25 அன்று போர்ச்சுகலில் ராணுவ அதிகாரிகளே சர்வாதிகாரத்தைக் கவிழ்த்ததில் தொடங்குகிறது. அப்புறம் கிரீஸ், ஸ்பெயின், அர்ஜென்டினா (1983), பிலிப்பைன்ஸ் (1986), தென்கொரியா (1987), 1989இல் கிழக்கு ஐரோப்பா. காரணங்கள்: சர்வாதிகாரங்கள் நியாயத்தை இழந்தது, பொருளாதார வளர்ச்சியால் பெருகிய நடுத்தர வர்க்கம், 1960களில் நடந்த கத்தோலிக்க ஆயர்களின் மாநாடான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கத்தோலிக்கத் திருச்சபையின் மனமாற்றம், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம், அமெரிக்கா, சோவியத் தலைவர் கோர்பச்சேவ் ஆகிய வெளிச்சக்திகளின் அழுத்தம், பக்கத்து நாட்டைப் பார்த்து வந்த துணிச்சல். என் கணிப்பில் கடைசிக் காரணத்துக்குத்தான் ஆதாரம் காட்டுவது சுலபம்; 1989 ஒன்றே போதும்.

விமர்சனத்தை விட்டுவிடாதீர்கள். வயதுவந்த ஆண்களில் பாதிப் பேருக்கு வாக்குரிமையும், அவர்களுக்குப் பொறுப்பான ஆட்சியும் இருந்தாலே முதல் அலையில் ஜனநாயகம்! அப்போது அமெரிக்காவில் அடிமை முறை இருந்தது. சுவிட்சர்லாந்தில் பெண்கள் தேசிய அளவில் வாக்களிக்க 1971 வரை காத்திருந்தார்கள். எண்ணிக்கையும் ஏமாற்றும். புதிய நாடுகள் பெருகியதால் விழுக்காட்டைப் பார்க்க வேண்டும்: ஹண்டிங்டன் கணக்குப்படியே 1922இலும் 1990இலும் ஜனநாயக நாடுகள் சுமார் 45 விழுக்காடுதான்.