விலைமனு கோரல்: வீட்டுத்திட்டக் காவல் சேவை, கல்லடி, மட்டக்களப்பு

2026 மார்ச் 2

பாதுகாப்புச் சேவை நிறுவன முகாமையாளர்களுக்கு,

ஐயா/அம்மணி,

கல்லடியில் வாவியோரம் உள்ள எங்கள் வீட்டுத்திட்டத்தில் 84 வீடுகள். மே 1 முதல் ஓராண்டுக் காவல் சேவைக்கு விலைமனு கோருகிறோம்.

காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஆள் மாற வேண்டும். பகலில் முன் கேற்றில் இருவர். இரவில் அங்கே இருவர், பின்வேலியில் ஒருவர். பின்வேலியை ஒட்டிய ஒழுங்கையால் விடியப்புறம் தோணிக்காரர் போய்வருவார்கள். அது அவர்களுடைய பாதை, மறிக்கக் கூடாது. அவர்களையும் வேலி பாய்கிறவனையும் வேறுபடுத்தத் தெரிந்த, தமிழ் பேசுகிற ஆளாக அங்கே போடுங்கள். மாரியில் அந்தப் பக்கம் தண்ணீர் நிற்கும். பூட்ஸ், மழைக்கோட்டு, டோர்ச் எல்லாம் உங்கள் செலவு.

விலையை ஒருவரின் ஒரு ஷிப்டுக்கு எழுதுங்கள். அடிப்படைச் சம்பளம், மேலதிக நேரம், ஊழியர் சேமலாப நிதி 12%, நம்பிக்கை நிதி 3%, சீருடை, நிர்வாகம், இலாபம், வற் வரி ஒவ்வொன்றும் தனித்தனியாக வர வேண்டும். மொத்தத் தொகை மட்டும் எழுதிய மனுவையும், சட்டப்படியான சம்பளமே கட்டாத விலையையும் ஒதுக்கிவிடுவோம்.

1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி பாதுகாப்பு அமைச்சில் பெற்ற நடப்பாண்டு அனுமதிப்பத்திரமும், கடைசி 6 மாதச் சேமலாப நிதிப் பற்றுச்சீட்டுகளும் இணைக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் புள்ளியிடவே மாட்டோம்.

மொத்தம் 100 புள்ளி. விலைக்கு 40. மிகக் குறைந்த விலைக்கு முழுப் புள்ளி, மற்றவற்றுக்கு அந்த விகிதப்படி: குறைந்தது 2,400 ரூபா, உங்களுடையது 3,000 என்றால் உங்களுக்கு 32.

மாற்று ஆள் ஏற்பாட்டுக்கு 25. இவ்வளவு ஏன் என்றால், முன்பு இருந்த நிறுவனம் ஆள் வராத நாட்களில் பகல் நின்றவரையே இரவும் நிறுத்தியது. பதிவேட்டில் இரண்டு பெயர், கையெழுத்து ஒன்று. ஒருவர் வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில், எங்கிருந்து ஆள் வரும் என்று எழுதுங்கள். ‘உடனே’ என்று எழுதினால் புள்ளி இல்லை.

மேற்பார்வைக்கு 20: மாதத்தில் எத்தனை இரவு சொல்லாமல் வந்து பார்ப்பீர்கள், மேற்பார்வையாளர் எங்கே தங்கியிருக்கிறார்? அனுபவத்துக்கு 15. இப்போது சேவை பெறும் இரண்டு இடங்களின் தொலைபேசி இலக்கம் தாருங்கள், நாங்களே பேசுவோம். புள்ளி சமமானால் மாற்று ஆள் ஏற்பாட்டில் கூடியவருக்கே வேலை.

எங்கள் குழுவில் யாருக்காவது உங்களோடு உறவோ வியாபாரமோ இருந்தால் தெரிவியுங்கள். அவர் புள்ளியிடுவதில் இருந்து விலகிக்கொள்வார்.

இடத்தைப் பார்க்க மார்ச் 14 சனி காலை 9 மணிக்கு வரலாம். முத்திரையிட்ட உறையை மார்ச் 20 வெள்ளி பி.ப. 3 மணிக்கு முன் சங்க அலுவலகப் பெட்டியில் இடுங்கள். அன்று 3.30க்கு, வந்திருப்போர் முன்னிலையில் திறந்து விலைகளை வாசிப்போம். தெரிவாகாதவர்களுக்கும் அவரவர் புள்ளி எழுத்தில் அனுப்பப்படும்.

செயலாளர்,
குடியிருப்பாளர் நலன்புரிச் சங்கம்