தீர்ப்பில் வழிமறிக்கும் சொற்கள்: சட்ட மாணவர்களுக்கு ஒரு சொற்கையேடு

முதல் வருஷத்தில் ஒரு தீர்ப்பில் 'கிரைபக், சுப்ரா' என்று இருந்ததைப் பார்த்து, சுப்ரா என்பவர் அந்த வழக்கில் இன்னொரு கட்சிக்காரர் போல என்று நினைத்து, கேஸ் நோட்டில் அவர் பெயரையும் எழுதி வைத்தேன். சீனியர் ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் காது சூடாகிவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த நோட்டுதான் இது. அகர வரிசையில் போடவில்லை, தீர்ப்பைப் படித்துக்கொண்டே போகையில் எந்த இடத்தில் எது வந்து முட்டுமோ, ஏறக்குறைய அந்த வரிசைதான். உச்சரிப்பெல்லாம் கோர்ட் வராண்டாவில் காதில் விழுகிறபடி.

மேற்கோள் காட்டும் இடங்களில்

சுப்ரா: மேலே. இதே தீர்ப்பில் முன்பே முழுப் பெயரோடு சொல்லிவிட்ட வழக்கு என்று அர்த்தம். சுப்ரா யாருமில்லை.

இன்ஃப்ரா: கீழே, இனி வரப்போவது.

இன்டர் ஏலியா: மற்றவற்றோடு இதுவும். மனுதாரர் பத்து வாதம் வைத்திருப்பார், நீதிபதி ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்ல இதைப் போடுவார். இது வந்தால் சொல்லாமல் விட்ட ஒன்பதும் இருக்கின்றன என்று புரிந்துகொள்ளுங்கள்.

மியூட்டாட்டிஸ் மியூட்டாண்டிஸ்: மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றிக்கொண்டு. 'இந்தப் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மியூட்டாட்டிஸ் மியூட்டாண்டிஸ் பொருந்தும்' என்றால், வாதி என்று இருக்கும் இடத்தில் மேல்முறையீட்டாளர் என்று வாசித்துக்கொண்டு, மீதியை அப்படியே பொருத்திக்கொள்ள வேண்டும்.

வழக்கு உள்ளே நுழையும் வாசலில்

லோக்கஸ் ஸ்டாண்டி: நிற்க இடம். இந்த வழக்கைப் போட உனக்கு என்ன உரிமை, உனக்கு என்ன பாதிப்பு என்ற கேள்வி. பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை 1981-இல் எஸ்.பி.குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது, பொதுநல வழக்குகள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

கேவியட்: 'ஜாக்கிரதையாக இருக்கட்டும்.' எதிர்த்தரப்பு வழக்கோ மனுவோ போடப்போகிறது என்று தெரிந்தால், எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே கொடுக்கும் மனு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148ஏ. ஆயுள் 90 நாள், அதைத் தாண்டினால் புதிதாகப் போட வேண்டும். தேர்விலும் கேட்பார்கள், ஜூனியராகப் போன பிறகு சீனியரும் கேட்பார், எண்ணை மறக்காதீர்கள்.

இன் லிமினே: வாசற்படியிலேயே. மனு அப்படித் தள்ளுபடி ஆனது என்றால் உள்ளே கூப்பிட்டு விஷயத்தை விசாரிக்காமலேயே அனுப்பிவிட்டார்கள் என்று பொருள்.

எக்ஸ் பார்ட்டி: ஒரு தரப்பை மட்டும் கேட்டு. பிரதிவாதி சம்மன் வாங்கியும் வரவில்லையென்றால் எக்ஸ் பார்ட்டி டிக்ரி ஆகிவிடும். தகுந்த காரணம் காட்டினால் கட்டளை 9, விதி 13-இன் கீழ் ரத்து செய்யக் கேட்கலாம். தோற்றுப்போன டிக்ரியும் இதுவும் ஒன்று என்று நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே பிரதிவாதி தரப்பு கேட்கப்படவே இல்லை, அதனால்தான் அந்தத் தனி வழி.

சுவோ மோட்டு: யாரும் கேட்காமல் கோர்ட் தானாகவே எடுத்துக்கொள்வது. 'மோட்டோ' இல்லை, 'மோட்டு'. பத்திரிகைகளில் பாதிக்கு மேல் தப்பாகத்தான் வருகிறது, நீங்களாவது சரியாக எழுதுங்கள்.

ஹேபியஸ் கார்ப்பஸ்: ஆட்கொணர்வு. சொல்லுக்குச் சொல் 'உடல் உன்னிடம் இருக்கட்டும்', அதாவது நீ பிடித்து வைத்திருக்கும் ஆளை இங்கே கொண்டுவந்து, எந்தச் சட்டப்படி வைத்திருக்கிறாய் என்று சொல். நம் ஹைகோர்ட்டில் ஹெச்.சி.பி. என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். 1982-ஆம் வருஷத்துக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் உள்ளே போனவருக்காக வீட்டார் போடும் மனு பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

கூடப் பிறந்த நால்வர்: மாண்டமஸ் என்றால் 'செய்' (செயலுறுத்தும் பேராணை). புரோஹிபிஷன் என்றால் கீழ்க் கோர்ட்டைப் பார்த்து 'நிறுத்து'. செர்ஷியோரரி என்றால் 'கோப்பை மேலே அனுப்பு, நீ போட்ட உத்தரவைப் பார்த்துத் தேவைப்பட்டால் ரத்து செய்கிறேன்.' கோ வாரண்டோ என்றால் 'எந்த அதிகாரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய்?' ஐந்தும் அரசியலமைப்பின் 32, 226 பிரிவுகளில் வருகின்றன.

ரெஸ் ஜுடிகேட்டா: முன்தீர்ப்புத் தடை. அதே ஆட்கள், அதே பிரச்சினை, தகுதியுள்ள கோர்ட் ஏற்கெனவே முடித்துவிட்டது, இனி மறுபடி தொடங்காதே (உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 11). முதல் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் அது ரெஸ் சப் ஜூடிஸ் (பிரிவு 10), இரண்டாவது வழக்கின் விசாரணை நிறுத்தி வைக்கப்படும்.

இரு தரப்பையும் கேட்டார்களா என்ற இடத்தில்

ஆடி ஆல்டரம் பார்ட்டம்: மற்ற தரப்பையும் கேள். 1978 மேனகா காந்தி வழக்கில் பாஸ்போர்ட்டைக் காரணம் சொல்லாமல் முடக்கியபோது உச்ச நீதிமன்றம் பெரிதாகப் பேசியது இதைப் பற்றியும்தான்.

நெமோ ஜூடெக்ஸ் இன் காஸா சுவா: தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆகக் கூடாது. 1969 கிரைபக் வழக்கு (அந்தச் சுப்ரா வழக்கேதான்) இதற்குக் கச்சிதமான உதாரணம். வனத்துறை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்த ஒருவர், அதே பதவிக்குப் போட்டியிட்டவர்களிலும் ஒருவர். தன் பெயரைப் பரிசீலிக்கும்போது அவர் குழுவில் உட்காரவில்லை, ஆனால் போட்டியாளர்களின் பெயர்களைப் பரிசீலிக்கும்போது உட்கார்ந்திருந்தார். தேர்வு ரத்தானது. பாரபட்சம் காட்டினாரா என்பதைவிட, காட்டுவார் என்று நினைக்க நியாயமான வாய்ப்பு இருந்ததா என்பதுதான் கேள்வி.

குற்ற வழக்குகளில்

மென்ஸ் ரியா, ஆக்டஸ் ரியஸ்: குற்ற மனம், குற்றச் செயல். பொதுவாக இரண்டும் சேர வேண்டும்.

ஆலிபை: வேறிடத்தில். சம்பவம் நடந்த நேரத்தில் நான் அங்கே இல்லை என்ற வாதம். சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். 'ஆலிபை' என்றால் பொய்ச் சாக்கு என்று பேச்சில் புழங்குவதைத் தேர்வுத்தாளுக்குக் கொண்டுவராதீர்கள்.

ஃபால்சஸ் இன் யூனோ: ஒன்றில் பொய் சொன்னவன் எல்லாவற்றிலும் பொய் சொன்னவன் என்ற பழமொழியின் முதல் பாதி. இந்தியாவில் இது சட்டவிதி இல்லை. பதரைத் தூற்றிவிட்டு நெல்லை எடுத்துக்கொள் என்பதுதான் நம் கோர்ட்டுகளின் போக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் இந்த லத்தீனைச் சொன்னதாலேயே சாட்சி விழுந்துவிடாது.

சொத்து, சிவில் வழக்குகளில்

இங்கே வரும் பல சொற்கள் லத்தீனே இல்லை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு கோர்ட்டில் புகுந்த பிரெஞ்சு. அங்கேயே 1733-இல் லத்தீனையும் இந்தச் சட்டப் பிரெஞ்சையும் வழக்கு ஆவணங்களிலிருந்து தள்ளிவிட்டார்கள், ஆனால் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தோடு ஒட்டிக்கொண்டு நம்மிடம் வந்து சேர்ந்தன.

மீன் பிராஃபிட்ஸ்: எழுத்தில் 'எஸ்' ஒன்று இருக்கும், வாயில் வராது. சொத்தை உரிமையில்லாமல் வைத்திருந்தவர் அதிலிருந்து எடுத்த, அல்லது கொஞ்சம் கவனமாக இருந்தால் எடுத்திருக்கக்கூடிய வருமானம், வட்டியோடு. அவரே கட்டிய கட்டடத்தால் கூடுதலாக வந்தது இதில் சேராது.

எஸ்டாப்பல்: முரண்தடை. ஒன்றைச் சொல்லி ஒருவரை நம்பவைத்து, அவர் அதன்படி நடந்துவிட்ட பிறகு, நான் அப்படிச் சொல்லவில்லை என்று மாற்றிப் பேச முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 115, 2023 சட்டத்தில் 121. அடைப்பான் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது, வாயை அடைக்கிற தக்கை என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

லாச்சஸ்: உரிமை இருந்தும் தூங்கிவிட்ட தாமதம்.

டாம்னம் சைனே இன்ஜூரியா: நஷ்டம் உண்டு, உரிமை மீறல் இல்லை. பக்கத்தில் புதுக்கடை திறந்ததால் உங்கள் வியாபாரம் குறைந்தது, வழக்கு நிற்காது. தலைகீழ் இன்ஜூரியா சைனே டாம்னோ: 1703 ஆஷ்பி வழக்கில் ஓட்டுப் போட விடவில்லை, அவர் ஆதரித்த வேட்பாளர் ஜெயித்தும்விட்டார், ஆனாலும் உரிமை மீறப்பட்டதால் இழப்பீடு உண்டு என்றார்கள்.

எஜுஸ்டெம் ஜெனரிஸ்: அதே இனம். 'கார், பஸ், லாரி மற்றும் பிற வாகனங்கள்' என்று இருந்தால் கடைசிச் சொல்லில் விமானத்தை நுழைக்க முடியாது.

தீர்ப்பின் முடிவுப் பக்கங்களில்

ரேஷியோ டெசிடெண்டை, ஒபிட்டர் டிக்டா: இதில்தான் அதிகம் தவறுகிறோம், அதனால் கொஞ்சம் நிதானமாக. ஓர் ஊழியரிடம் விளக்கமே கேட்காமல் வேலையிலிருந்து நீக்கினார்கள் என்று வையுங்கள். கோர்ட் நீக்க உத்தரவை ரத்து செய்து, 'விளக்கம் கேட்காத நீக்கம் செல்லாது' என்கிறது. அது ரேஷியோ, முடிவைத் தாங்கும் காரணம். அதே பத்தியில், 'நோட்டீஸைத் தமிழிலும் கொடுப்பது நல்ல பழக்கம்' என்று நீதிபதி போகிறபோக்கில் சொல்லியிருந்தால் அது ஒபிட்டர். ஒரு பென்சிலை எடுத்து அந்த வாக்கியத்தை அடித்துவிட்டுப் படியுங்கள். முடிவு அப்படியே நின்றால் ஒபிட்டர், சரிந்தால் ரேஷியோ. கச்சிதமான அளவுகோல் இல்லை, இரண்டு காரணம் சொல்லப்பட்ட தீர்ப்பில் இந்தப் பென்சில் தடுமாறும், ஆனாலும் ஆரம்பத்துக்குப் போதும். அரசியலமைப்பின் பிரிவு 141-படி எல்லாக் கோர்ட்டையும் கட்டுப்படுத்துவது உச்ச நீதிமன்றத்தின் ரேஷியோ. அதன் ஒபிட்டருக்கும் கீழே பெரிய மரியாதை உண்டு, அது வேறு கணக்கு.

பெர் இன்கியூரியம்: கவனக்குறைவால். பொருந்தும் சட்டப்பிரிவையோ கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பையோ பார்க்காமல் சொன்ன தீர்ப்பு. 'எனக்குப் பிடிக்காத தீர்ப்பு' என்று இதற்கு அர்த்தம் இல்லை, மூட் கோர்ட்டில் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்.

சப் சைலென்ஷியோ: மௌனத்தில். அந்தக் கேள்வி எழுப்பப்படாமலும் வாதிக்கப்படாமலும் போய்விட்டது, அதனால் அதில் அந்தத் தீர்ப்பு முன்னுதாரணம் ஆகாது.

இம்பியூண்ட் ஆர்டர்: எதிர்த்து வழக்குப் போட்டிருக்கும் உத்தரவு. குற்றம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

நம் பக்கத்துப் பழைய சொற்கள்

மேல்முறையீட்டுக் கட்டில் தமிழ் ஆவணம் ஒன்று இருந்தால் இன்னொரு கூட்டம் வந்து நிற்கும்: வக்காலத்து (வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரம்), வாய்தா (தள்ளிவைத்த தேதி), ஜப்தி (பறிமுதல்), தாவா (வழக்கு), தஸ்தாவேஜு (ஆவணம்).

பசலி: வருவாய்த்துறை ஆண்டு, ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம் கிடைக்கும். அடங்கலில் 'பசலி 1380' என்று பார்த்தால் 1970 ஜூலை முதல் 1971 ஜூன் வரை. 1380-ஆம் ஆண்டு என்று அப்படியே மொழிபெயர்த்து, விஜயநகரக் காலத்துக் குத்தகைதாரர் என்று எழுதிய ஒரு விடைத்தாளை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.