தாது வருஷப் பஞ்சம்: மழை பொய்த்ததும் மக்கள் செத்ததும்

1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் கண்ட சாவுகளுக்கு அரசின் கொள்கையே முதற்காரணம் என்ற என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. 1876-ல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. மைசூர், பம்பாய் மாகாணம், ஹைதராபாத் மட்டுமல்ல, வட சீனாவும் வடகிழக்குப் பிரேசிலும்கூட அதே காலத்தில் வறண்டு கிடந்தன. இதை லண்டனின் சதி என்று யாரும் சொல்லிவிட முடியாது. ரயிலையும் மறக்கக் கூடாது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய அரிசி மூட்டைகளை உள்நாட்டுக்குக் கொண்டுபோனது அதுதான். தீவனம் இல்லாமல் மாடுகளே செத்து விழுந்த ஆண்டில் மாட்டுவண்டியை மட்டும் நம்பியிருந்தால் சாவு இன்னும் கூடியிருக்கும். நிவாரணத்துக்கு அரசு கோடிக்கணக்கில் செலவழித்ததும் உண்மைதான். சரி, இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவையெல்லாம் விளைச்சல் ஏன் போனது, தானியம் எப்படி வந்தது என்பதற்குத்தான் விடை. வந்த தானியம் ஏன் அடுப்புக்குப் போய்ச் சேரவில்லை என்பதற்கு விடை ஆகாது. வயல் காய்ந்தால் நிலமில்லாத கூலிக்காரருக்கு முதலில் போவது வேலை. ஸ்டேஷனில் மூட்டை அடுக்கியிருந்தாலும் அதை அந்த விலைக்கு வாங்க அவர் கையில் காசில்லை. அப்படியும் தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்பதில் வைஸ்ராய் லிட்டன் உறுதியாக இருந்தார்; இந்தியக் கோதுமை அப்போதும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. பிழைக்க மிச்சமிருந்த வழி நிவாரண வேலை. அதில் 1877-ன் தொடக்கத்தில் ஓர் ஆணுக்கு நிர்ணயித்த நாள்கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். ராத்தல் என்றால் ஏறக்குறைய 450 கிராம். நாள் முழுக்க வெயிலில் வேலை செய்பவருக்கு அவ்வளவுதான். உப்பு, மிளகாய், பருப்பு, விறகு எல்லாம் அந்த ஓரணாவுக்குள் முடிய வேண்டும். உழைக்கிற உடம்புக்கு இது போதாது என்பது இன்று வசதியாக உட்கார்ந்துகொண்டு நாம் கண்டுபிடித்த குறை அல்ல. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அப்போதே எழுதி வாதாடினார்; சில மாதங்களில் அளவை உயர்த்த வேண்டியும் வந்தது. வேறு வழியே இருக்கவில்லையா என்றால், இருந்தது. 1873–74-ல் பீகாரில் மழை பொய்த்தபோது பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி தருவித்து, கணக்குப் பார்க்காமல் கொடுத்தார். பட்டினிச் சாவு மிகச் சொற்பம். அதற்காக அவருக்குக் கிடைத்ததோ, பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்ற கண்டனம். 1877 ஜனவரியில் செலவைச் சுருக்கச் சொல்லி லிட்டன் தெற்கே அனுப்பியது அதே டெம்பிளைத்தான். அந்த ஒரு ராத்தல் அவர் வகுத்த கணக்கு.