பாப்பாவின் விளையாட்டு வாரம்: திங்கள் முதல் வெள்ளி வரை

குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அம்மாயிக்கு அப்பா ஒருமுறை வாசித்துச் சொல்லுங்கள்.

நர்சரிக்கு இந்த வாரம் லீவு. எனக்கு லீவு இல்லை. காலை 8.30 முதல் மாலை 4.30 வரை கொழும்பு ஒபிஸ் கணக்கு வேலை. போன லீவில் நாள் முழுக்க "இரு, இரு" என்றே சொன்னேன். பிள்ளை என் கதிரைக்குப் பின்னால் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அது இன்னும் மனசில் கிடக்கிறது. இந்த முறை அப்படி விடமாட்டேன்.

தினமும்

8.00 முதல் 8.20 வரை கணினியைத் திறக்கமாட்டேன், போனும் கையில் இருக்காது. அந்த நேரம் பாப்பாவுடையது. என்ன விளையாட்டு என்று அவளே சொல்லட்டும். இப்படித் தொடங்கும் நாட்களில் பிறகு தனியாக விளையாடுகிறாள், பார்த்திருக்கிறேன். ஒரு விளையாட்டில் கால் மணி நேரம் இருந்தால் பெரிய விஷயம். அதனால் காலையில் இரண்டு, பகலில் இரண்டு என்று முதல் நாள் இரவே எடுத்துவைப்பேன்.

கதவுக் கைப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கினால் அம்மா பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். பச்சைத் துண்டு என்றால் வரலாம். அடிபட்டாலோ, ஒன்றுக்கு வந்தாலோ எந்தத் துண்டு தொங்கினாலும் வரலாம். இதை அவளிடம் தினமும் சொல்ல வேண்டும்.

ரயில் சத்தம் கேட்டால் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடி பெட்டிகளை எண்ணலாம். சிவப்புத் துண்டு இல்லையென்றால் நானும் வருவேன்.

12.30க்குச் சாப்பாடு, பிறகு தூக்கம். 4.30க்கு நான் வேலை முடித்து எழுந்ததும் இருவரும் வெளியே போவோம். இந்த வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் வீட்டில் அரை மணி போதும்.

திங்கள்: கடை

கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு, காலி பால்மா டின், பழைய பில் கட்டு. பாப்பா முதலாளி, கரடி பொம்மை வாடிக்கையாளர். "மூன்று கரட் தாங்க" என்று அறையிலிருந்தே நான் கேட்பேன். எண்ணிக் கொண்டுவந்து தருவாள். இரண்டு தந்தால் திருத்த வேண்டாம், இருவரும் சேர்ந்து மறுபடி எண்ணினால் போதும்.

செவ்வாய்: மீட்டிங் பெட்டி

10 மணிக்கு எனக்கு மீட்டிங். வாரத்தில் கஷ்டமான ஒரு மணி நேரம் இதுதான். அன்றைக்கு மட்டும் திறக்கும் பெட்டி ஒன்று: ஸ்டிக்கர், பழைய காலண்டர் படங்கள், உடுப்புக் கிளிப்புகள், கம்பளி நூல். இது முடிந்தால் அரை மணி கார்ட்டூன். அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம்.

புதன்: மா பிசைதல்

கோதுமை மா 2 கப், உப்பு 1 கப், எண்ணெய் ஒரு கரண்டி, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கப் வரை. பாதிக்கு பீட்ரூட் சாறு, பாதிக்கு மஞ்சள். உப்பு அதிகம், வாயில் வைக்க விடக்கூடாது. அவள் ரொட்டி தட்டுவாள், பாம்பு உருட்டுவாள். என் மேசைக்கு ஒரு "ரொட்டி" வந்தால் நான் சாப்பிடுவது போல நடிக்க வேண்டும், மறக்கக்கூடாது.

வியாழன்: அம்மாயி நாள்

அம்மாயி, இன்றைக்கு உங்கள் இஷ்டம். புளியங்கொட்டையில் பல்லாங்குழி ஆடுங்கள், கொட்டையை வாயில் மூக்கில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் கூடையை முதுகில் மாட்டி, வேலியோரத்து இலையில் "கொழுந்து" பறிக்கலாம். நீங்கள் மலையில் பறித்த கதையை அவளுக்குச் சொல்லுங்கள். எத்தனை கிலோ, யார் நிறுத்தது, மழையில் என்ன போர்த்தினீர்கள், எல்லாம். எனக்கும் கேட்க ஆசைதான், அறைக் கதவைத் திறந்தே வைக்கிறேன். உள்ளே வந்ததும் காலில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளி: மஞ்சள் தண்ணீர்

காலையில் வாசலில் என்னோடு கோலம். அவள் கோடு எப்படி வந்தாலும் அழிக்கமாட்டேன். பகலில் இரண்டு கோப்பையில் மஞ்சள் தண்ணீர். ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர் விட்டால் சிவக்கும், தேசிக்காய் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். பழைய சட்டை போட்டுவிடுங்கள், கறை போகாது.

மழையும் கரண்டும்

மழை என்றால் தலையணைகளை வரிசையாகப் போட்டுத் தாண்டுதல், நொண்டி, கண்ணாமூச்சி. கரண்ட் போனால் இன்டர்நெட்டும் போகும், என் வேலையும் நிற்கும். அப்போது டோர்ச் எடுத்து சுவரில் நிழல் விளையாட்டு, நானும் சேர்ந்து.

சுடுதண்ணி பிளாஸ்கும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் மேல் தட்டில்தான் இருக்க வேண்டும்.

அப்பா, ஞாயிறு ஹட்டன் போகும்போது கோதுமை மா 1 கிலோவும் டோர்ச்சுக்கு பற்றரியும் வாங்கி வாருங்கள். கடையில் காலி முட்டை அட்டை இருந்தால் கேளுங்கள், ரயில் செய்ய வேண்டுமாம்.