சர்க்கரை ஆய்வு: யாருக்குப் பலன், எவ்வளவு?

சுங்கை சிப்புட் கோவில் மண்டபத்தில் ஞாயிறு நடந்த ரத்தப் பரிசோதனையில் "சர்க்கரை எல்லையில் இருக்கிறது" என்று சொல்லக் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. அதில் 3,234 பேர். எல்லோருக்கும் எடை கூடுதல், சர்க்கரை எல்லையில். ஆனால் நோய் வரவில்லை. அவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்.

மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் மூன்று வருடத்தில் 100-க்கு 29 பேருக்கு நீரிழிவு வந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களில் 22 பேருக்கு. எடையைக் குறைத்து நடந்தவர்களில் 14 பேருக்குத்தான். அதாவது ஏழு பேர் நடந்தால் ஒருவர் தப்பிக்கிறார். மருந்தில் ஒருவர் தப்பிக்க 14 பேர் சாப்பிட வேண்டும்.

நடந்தவர்கள் செய்தது என்ன? வாரம் 150 நிமிட நடை, உடல் எடையில் 7 விழுக்காடு குறைக்கும் முயற்சி. 80 கிலோ அண்ணனுக்கு அது ஐந்தரை கிலோ. காலைத் தே தாரேக்கில் கெட்டிப்பால் ஊற்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"வயசாயிடுச்சு, இனி என்ன" என்கிற பாட்டிகளே, கேளுங்கள்: நடையால் அதிகப் பலன் அடைந்தவர்கள் 60 வயது தாண்டியவர்கள். அந்த வயதில் மாத்திரை பெரிதாக உதவவில்லை. இளையவர்களுக்கும் மிகவும் பருமனானவர்களுக்கும் அது நன்றாகவே உதவியது.

ஏற்கனவே நீரிழிவு இருப்பவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது, கிளினிக்கில் கேளுங்கள்.