பராமரிப்பாளர் சந்திப்பு: ரகசியம் காப்பதும் பேச்சை நடத்துவதும்

கும்பகோணத்தில் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு காலை கூடும் நம் சந்திப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே கொடுக்கும் தாள் இது. மறதிநோய், பக்கவாதம், மனச்சிதைவு என்று வீட்டில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள்தான் இங்கே வருகிறோம். நடத்துபவரும் நம்மில் ஒருவர்தான், மருத்துவர் அல்ல.

வெளியே போகக் கூடாதது

பெயரை மட்டும் மறைத்தால் போதாது. "ரிட்டயர்டான ஹெட்மாஸ்டர், மகள் பெங்களூரில்" என்றாலே நம் ஊரில் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அண்ணனுக்கு மனச்சிதைவு என்பது தெரிந்து தங்கையின் கல்யாணப் பேச்சு நின்றுபோகலாம். அப்பாவுக்கு மறதி என்று இங்கே அழுதுகொண்டே சொன்னதைப் பாகப்பிரிவினையில் பங்காளி கையில் எடுக்கலாம். ஆகவே, இங்கே கேட்டதில் உங்களுக்கு உதவும் யோசனையைத் தாராளமாக எடுத்துப் போங்கள். அது யார் வீட்டில் நடந்தது என்பதை மட்டும் கணவர், மனைவி உட்பட யாரிடமும் சொல்லாதீர்கள்.

கடைத்தெருவிலோ கோயிலிலோ நம்மவர் ஒருவரைப் பார்த்தால், அவர் முதலில் பேசட்டும். கூட யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் "அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட வேண்டாம்.

கூட்டம் நடக்கும்போது போட்டோ, ரெக்கார்டிங் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் தேதி, நேரம், இடம் மட்டும். நோயாளியின் படம், மருந்துச் சீட்டு எதையும் அதில் போடாதீர்கள். வீட்டில் போனை எடுத்துப் பார்ப்பவர்கள் யார் யாரோ.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், மனநோய் உள்ளவருக்கு ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. அதைக் காக்கும் கடமையை மருத்துவப் பணியாளர்கள் மேல் வைக்கிறது. நம்மைப் பொறுத்தவரை, ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்குதான் கட்டு.

ரகசியம் காக்க முடியாத இடம்

"இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று ஒருவர் சொன்னால் அது அலுப்பு. வருடக்கணக்கில் சரியாகத் தூங்காதவரின் பேச்சு. அதற்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது, அது இந்த அறையைத் தாண்டவும் கூடாது. இப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல வேறு இடம் இல்லாததால்தான் நாம் கூடுகிறோம்.

ஆனால் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ளத் திட்டமிடுகிறார் என்றாலோ, நோயாளி அடிபடுகிறார், கட்டிவைக்கப்படுகிறார், பட்டினி கிடக்கிறார் என்றாலோ, நடத்துபவர் சும்மா இருக்க மாட்டார். முதலில் உங்களைத் தனியே அழைத்துப் பேசுவார். யாரிடம் சொல்லப் போகிறார் என்பதை முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டே சொல்வார். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, முதியோருக்கு 14567, பெண்களுக்கு 181. இந்த எண்களை இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

பேச்சு நடக்கும் விதம்

பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். ஒருவர் அழுதால் உடனே சமாதானம் சொல்லாதீர்கள். தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருங்கள்; பெரும்பாலும் முக்கியமான பேச்சு அதற்குப் பிறகுதான் வரும்.

யோசனை சொல்வதாக இருந்தால், "நீங்க இப்படிச் செய்யணும்" என்று வேண்டாம். "எங்க வீட்ல இப்படிச் செஞ்சோம்" என்று சொல்லுங்கள். மாத்திரையின் அளவைக் கூட்டு, குறை, நிறுத்து என்று யாரும் சொல்லக் கூடாது. அது மருத்துவர் வேலை. எண்ணெய், லேகியம், இன்சூரன்ஸ் விற்பனை இங்கே கிடையாது.

"பெத்தவங்களுக்குச் செய்யறது புண்ணியம்", "எல்லாம் கர்மா" என்பதை நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் இரவு நாலு தடவை எழுந்து படுக்கை மாற்றிய மருமகளுக்கு, 'இனி வாயைத் திறக்காதே' என்றுதான் அது கேட்கும். அப்போது நடத்துபவர், "அவங்க முடிக்கட்டும்" என்பார். பேச்சு நீண்டால், "இன்னும் ரெண்டு பேர் காத்திருக்காங்க, கடைசியில மறுபடி வருவோம்" என்பார். யாரையும் எல்லோர் முன்னிலையிலும் திருத்த மாட்டார். தேவைப்பட்டால் கூட்டம் முடிந்தபின் தனியே பேசுவார். இதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த மாதம் கட்டாயம் வாருங்கள்.

பேச்சு வெளியே போனால்

தெரிந்தவுடன் நடத்துபவரிடம் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு அன்றே தெரிவிப்போம். சொன்னவரிடம் காரணம் கேட்போம். தெரியாமல் வாய் தவறியிருந்தால் அவர் தொடரலாம், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் மட்டும். வேண்டுமென்றே சொன்னவருக்கு இங்கே இடமில்லை.

நீங்கள் பார்த்துக்கொண்டவர் காலமான பிறகும் விருப்பமுள்ள வரை வரலாம். வராமல் நின்றுவிட்டாலும், இங்கே கேட்டதைக் காக்கும் வாக்கு தொடரும். சம்மதம் என்றால், கையெழுத்து எதுவும் வேண்டாம், இன்று நடத்துபவரிடம் வாயால் சொல்லிவிட்டு உட்காருங்கள்.